கொஞ்சம் என்றால் எத்தனை கிராம்?

இரவு ஒன்றே முக்கால் மணிக்கு எங்கள் சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “ரெட் கொஞ்சம் போட்டு ஓட்டு.” மறுமுனையில் ஷிஃப்ட் பொறுப்பாளர், 26 வயதுப் பையன், “எவ்வளவு மாஸ்டர்?” என்று கேட்டிருக்கிறான். “இதுகூடத் தெரியாமல்தான் சம்பளம் வாங்குகிறாயா?” என்று பதில் வந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் சுற்றி நின்ற நான்கு ஹெல்பர்களும் அதைக் கேட்டார்கள். பையன் போனை வைத்தான். தன் கணக்குக்கு 0.05 சதவீதம் போட்டான். 300 கிலோ துணிக்கு அது 150 கிராம். மாஸ்டர் மனதில் இருந்தது 0.015 சதவீதம், அதாவது 45 கிராம்.

அந்த லாட் மெஹந்திப் பச்சை. மஞ்சள், சிவப்பு, நேவி மூன்றும் சேர்ந்து வருகிற நிறம். அதில் சிவப்பின் பங்கு மிகச் சிறியது. அதனால்தான் நூறு கிராம் கூடினாலும் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும். காலையில் நான் வந்தபோது சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்திலிருந்து வெளியே வந்தது இலுப்பைப் புண்ணாக்கு நிறத் துணி. காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டு நிறத்தை உரித்து, மறுபடி முதலிலிருந்து சாயமேற்ற வேண்டியதாயிற்று. இயந்திரம் ஒன்றரை ஷிஃப்ட் அதற்கே போனது. பின்னலாடைத் துணியை இப்படி இரண்டு முறை வெந்நீரில் புரட்டினால் மேற்பரப்பில் முடி எழும்பும். வாங்குபவரின் ஆய்வாளர் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

இந்த மாஸ்டரை வேலையை விட்டு அனுப்பலாமே என்று நினைப்பவர்களுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டும். சோதனைக் கூடத்தில் நிறமானி காட்டும் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே, துணியை விளக்குப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணைச் சுருக்கி, “நேவி இரண்டு கிராம் கூட” என்பார். எண் பிறகு வந்து அவர் சொன்னதையே சொல்லும். துணியை வெளுக்கப் போட்ட பெராக்சைடு முழுதாகக் கழுவப்படாமல் சாயம் போட்டால் நிறம் ஏறாது. அதைப் பரிசோதனைத் தாள் காட்டுவதற்கு முன் அவர் கண்டுபிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். எப்படி என்று கேட்டால், “தெரியும்” என்பார். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் பிரச்சினை முழுவதும் இருந்தது. ஆனால் அது எனக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆனது.

அந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அறிவுரை. என் அறைக்குக் கூப்பிட்டு, “மாஸ்டர், ஆட்களிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேசுங்கள்” என்றேன். சரி சார் என்றார். அடுத்த மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பொறுமையாகப் பேசுவது என்றால் பேசாமலிருப்பது என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. நானும் “கொஞ்சம்” என்றுதான் சொல்லியிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. பிறகு கோயம்புத்தூரில் இரண்டு நாள் ஆளுமைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினோம். சான்றிதழோடு வந்தார். ஒரு வாரம் காலையில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். எட்டாம் நாள் நின்றுபோனது.

மூன்றாவதாகச் செய்ததுதான் பெரிய தவறு. நானே மொழிபெயர்ப்பாளன் ஆனேன். ஷிஃப்ட் பொறுப்பாளர்கள் என்னைக் கேட்பார்கள், நான் மாஸ்டரைக் கேட்பேன், அவர் என்னிடம் மரியாதையாகச் சொல்வார், நான் திரும்பச் சொல்வேன். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. இரவு இரண்டு மணிக்கு என் போன் அடித்தது. நான் இயந்திரவியல் படித்தவன். சாயத்தின் நுணுக்கம் எனக்கு நடுவில் நழுவிப்போகும். ஒருமுறை அவர் “சோடா போடும் முன்” என்று சொன்னதை நான் “சோடா போட்ட பின்” என்று சொல்லி ஒரு லாட்டைத் திட்டுத் திட்டாக ஆக்கினேன். அதற்கு மாஸ்டரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மெஹந்திப் பச்சை லாட்டுக்குப் பிறகு வேறொன்று செய்தேன். மறுசாயப் பதிவேட்டை எடுத்து மூன்று மாதத்துக்குப் பின்னோக்கிப் புரட்டினேன். பகல் ஷிஃப்டில் மறுபடி சாயமேற்றிய லாட் இரண்டு. இரவு ஷிஃப்டில் பதினொன்று. ஆட்கள் மாறி மாறி இரு ஷிஃப்டிலும் வருபவர்கள்தான், சாயமும் தண்ணீரும் அதேதான். வித்தியாசம் ஒன்றே: பகலில் மாஸ்டர் இயந்திரத்தின் அருகே நிற்கிறார், இரவில் போனில் இருக்கிறார்.

அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரவுப் பொறுப்பாளர்கள் மாஸ்டருக்குச் செய்த அழைப்புகளைத் தங்கள் போன்களில் காட்டச் சொன்னேன். ஆரம்பத்தில் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அழைப்பு இருந்தது, கடைசி மாதத்தில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. அழைப்பு குறைந்ததைப் பார்த்து நானே முன்பு, ‘பையன்கள் தேறிவிட்டார்கள்’ என்று முதலாளியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தேறவில்லை. கேட்பதை நிறுத்தியிருந்தார்கள். திட்டு வாங்குவதைவிட ஊகித்துப் போடுவது அவர்களுக்கு எளிதாகப் பட்டிருக்கிறது. கடுமையாகப் பேசும் திறமைசாலியால் பட்டறைக்கு வரும் செலவு யாருடைய மனவருத்தத்திலும் தொடங்குவதில்லை, கேள்விகள் நின்றுபோகும் இடத்தில்தான் தொடங்குகிறது. அது சத்தமில்லாமல் நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அடுத்த ஒரு வாரம் சோதனைக் கூடத்தின் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கணக்குப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டேன். (பொய்தான். பிறகு அவரிடமே ஒப்புக்கொண்டேன்.) அவர் பேசியதை அப்படியே, சொல் மாறாமல் எழுதினேன். ‘கோபமாகப் பேசினார்’ என்று எழுதக்கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். என்ன சொன்னார், கேட்டவர் அடுத்து என்ன செய்தார், இந்த இரண்டு மட்டும்.

வார முடிவில் அந்தத் தாள்களைப் படித்தபோது, நான் நினைத்திருந்த மனிதர் அதில் இல்லை. திட்டுகளில் பாதிக்கு மேல் காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் விழுந்திருந்தன. அப்போதுதான் அவர் புதிய லேப் டிப் துண்டுகளை, அதாவது சோதனைக் கூடத்தில் முன்கூட்டிச் சாயமேற்றிய மாதிரித் துண்டுகளை, ஒப்பிடுவார். ஒரு நிறத்தைக் கண்ணில் பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால், அந்த நிறம் போய்விடும், முதலிலிருந்து பார்க்க வேண்டும். மற்ற நேரங்களில் வந்தவையோ பெரும்பாலும் போனில் வந்தவை.

அடுத்து கண்ட விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த இயந்திர இயக்குபவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தமிழ் பத்துச் சொல், மாஸ்டருக்கு இந்தி முப்பது சொல். இருவருக்கும் இடையே ஒரு பிசகும் இல்லை. காரணம், மாஸ்டர் அவரிடம் பேசும்போது துணியைக் கையில் எடுக்கிறார். மூலத் துண்டையும் லாட் துண்டையும் பக்கத்தில் வைத்து, விரலால் காட்டி, சாயக் குவளையில் எவ்வளவு என்று கோடு காட்டி, கடிகாரத்தில் முள் எங்கே வரும்வரை ஓட்ட வேண்டும் என்று காட்டுகிறார். அவ்வளவு அழகாக விளக்கத் தெரிந்தவர்தான் தமிழ் தெரிந்தவனிடம் “கொஞ்சம் போட்டு ஓட்டு” என்கிறார். தமிழ் தெரிந்தவனுக்குத் தான் பார்ப்பதெல்லாம் தெரியும் என்று நினைக்கிறார். தெரியவில்லை என்றால் அது அலட்சியம் என்று முடிவு கட்டுகிறார்.

ஆக, விளக்கத் தெரியாதவர் அல்ல. துணி கையில் இல்லாதபோது, எதிரில் இருப்பவனுக்கு என்ன தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை. இதைக் கண்டபிறகு, ‘சுபாவம்’ என்று நான் பெயர் வைத்திருந்த மலை ஏறக்கூடிய ஒரு மேடாகச் சுருங்கியது.

பேச உட்கார்ந்த இடம் என் அறை இல்லை. அங்கே அவர் நின்றுகொண்டே இருப்பார், “சரி சார்” சொல்வார், போய்விடுவார். மாலை ஆறு மணிக்கு மேல் சோதனைக் கூடத்திலேயே, விளக்குப் பெட்டியின் முன்னால், இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்தோம். மெஹந்திப் பச்சையின் மூலத் துண்டு, பழுப்பான துண்டு, அன்றைய பேட்ச் கார்டு மூன்றையும் மேசையில் வைத்தேன். ஒரே ஒரு நிகழ்வை மட்டும் பேசுவது என்று முடிவு செய்திருந்தேன். கையில் பதினோரு லாட் இருந்தாலும் பத்தை வெளியே எடுக்கவில்லை. எல்லாவற்றையும் அடுக்கினால் அவர் தன்னைக் காத்துக்கொள்வதில் இறங்கிவிடுவார்.

“மாஸ்டர், அன்றிரவு நீங்கள் சொன்னது, ‘ரெட் கொஞ்சம் போட்டு ஓட்டு.’ அவன் எவ்வளவு என்று கேட்டான். நீங்கள், ‘இதுகூடத் தெரியாமல்தான் சம்பளம் வாங்குகிறாயா’ என்றீர்கள். அவன் மறுபடி கேட்கவில்லை. 150 கிராம் போட்டான்.” இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

“தப்பு செய்தவன் அவன். கேள்வி என்னிடமா?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அது எனக்கு வராத கலை. மேசைக்குக் கீழே கட்டைவிரலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் போனபிறகு அவரே பழுப்புத் துண்டை எடுத்துத் திருப்பினார். “45 கிராம் சார். அதற்குமேல் போட எவனுக்கு மனசு வரும்?”

“அந்த 45 உங்கள் மனதில் இருந்தது. போனில் வந்ததா?”

அதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. வேறு ஏதோ சொல்லத் தொடங்கினார். அது எங்கே போகிறது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. பதினேழு வயதில் ஹெல்பராகச் சேர்ந்தாராம். அந்தக் காலத்து மாஸ்டர்கள் சாயத்தை எடை போடும்போது ஹெல்பர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். டப்பாக்களின் மேல் பெயருக்குப் பதிலாக ஏதோ அடையாளக் குறிகள் இருக்கும். இவர் காலி டப்பாக்களின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் பார்த்துத் தொழில் கற்றவர். பிறகு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, மாஸ்டராக இருந்தவர் ஒரே வாரத்தில் வேலையற்றவர் ஆனார். லூதியானாவுக்குப் போனார். “அன்றைக்கு என்னோடு ரயிலில் வந்தது ஒரு பையும் என் பார்முலா நோட்டும்தான் சார். நோட்டில் இருப்பதைப் பையன்களுக்கு விலாவாரியாகச் சொல்லிவிட்டால் அப்புறம் நான் எதற்கு?”

அவரது சிடுசிடுப்புக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அது நியாயமான கணக்குதான். அன்று அவரிடம் அப்படியெல்லாம் ஆகாது என்று ஆறுதல் சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும். நான் முதலாளி இல்லை. “என்னால் என்ன உறுதி தர முடியும் என்று கேட்டுவிட்டு வருகிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

முதலாளியிடம் பேச இரண்டு வாரம் ஆனது. அதுவரை மாஸ்டருக்குக் கிடைத்த ஊக்கத்தொகை, கெட்டுப்போன லாட்டைக் காப்பாற்றியதற்காக மாதம் எத்தனை என்று பார்த்துக் கொடுக்கப்பட்டது. யோசித்துப் பாருங்கள்: இரவில் லாட் கெட்டால்தான் பகலில் அவர் காப்பாற்ற முடியும். வேண்டுமென்று கெடுத்தார் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கெடாமல் இருப்பதில் அவருக்கு ஒரு பைசா இலாபமும் நாங்கள் வைக்கவில்லை. அதை மாற்றி, முதல் தடவையிலேயே நிறம் சரியாக வந்த லாட்டுகளுக்கு, இரவு ஷிஃப்டையும் சேர்த்து, ஊக்கத்தொகை என்று எழுத்தில் வாங்கினேன். பதவியின் பெயரையும் மாற்றிச் சோதனைக் கூடம், பயிற்சி இரண்டுக்கும் அவரைப் பொறுப்பாக்கினோம். பார்முலா நோட்டை நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே முறிந்திருக்கும்.

அதன்பிறகுதான் பேச்சு முறையைத் தொட்டோம். இரண்டே மாற்றம் கேட்டேன்.

ஒன்று, திருத்தம் சொல்லும் விதம். துணியில் என்ன குறை தெரிகிறது, எந்தச் சாயம் எத்தனை கிராம், எத்தனை நிமிடம் ஓட்டி அடுத்து என்ன செய்வது, இந்த மூன்றும் இல்லாமல் திருத்தம் சொல்லக்கூடாது. கேட்பவன் அதை எழுதி, திரும்பப் படிக்க வேண்டும். மெஹந்திப் பச்சைக்கு அது இப்படி இருந்திருக்கும்: “மூலத்தைவிடப் பச்சை தூக்கலாக இருக்கிறது. ரெட் 45 கிராம். கரைத்து, பத்து நிமிடத்தில் மெதுவாக விடு. அறுபது டிகிரியில் அரை மணி ஓட்டி, துண்டு வெட்டி, சோப்பில் அலசி, காயவைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடு.” சொல்ல இருபது நொடி ஆகும். நான் கடிகாரம் வைத்துக் காட்டினேன். ஒன்றரை ஷிஃப்டுக்கு எதிரே இருபது நொடி என்ற கணக்கு அவருக்கு உடனே ஏறியது. அவர் கணக்கு மனிதர்.

இரண்டாவது, கேள்வி வரும்போது வாயில் முதலில் வரும் வாக்கியம். “இதுகூடத் தெரியாதா” என்பது அவருக்கு மூச்சு மாதிரி. அதை விடுங்கள் என்றால் விட முடியாது, அந்த இடத்தில் வேறொன்று வைக்க வேண்டும். இனிமையான வாக்கியங்கள் சிலவற்றை நான் சொல்லிப் பார்த்தேன். தன் வாயில் அவை நாடக வசனம்போல இருக்கின்றன என்றார். உண்மைதான். கடைசியில் அவரே கண்டுபிடித்தது: “நீ என்ன பார்க்கிறாய், முதலில் சொல்.” அதில் கொஞ்சலும் இல்லை, கடுமையும் இல்லை. ஆனால் பதில் சொல்லப் பையன் துணியைப் பார்த்தே ஆக வேண்டும். அவன் சொல்வதிலிருந்து அவனுக்கு எங்கே கண் தவறுகிறது என்று மாஸ்டருக்கும் தெரிந்துவிடும்.

அன்றே மூன்று பழைய துண்டுகளை வைத்து ஒத்திகை பார்த்தோம். நான் இரவுப் பொறுப்பாளனாகப் பக்கத்து அறையிலிருந்து போன் செய்தேன். முதல் தடவை, “மாஸ்டர், நிறம் சரியில்லை” என்றேன். அவர் தன்னையறியாமல், “சரியில்லை என்றால்? வாழைப்பழம் மாதிரி இருக்கிறதா?” என்று சீறிவிட்டு, அவரே சிரித்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் பட்டது, பாதித் தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது. நிறம் சரியில்லை என்று கூப்பிடுவது, வயிறு சரியில்லை என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பது போன்றது.

ஆகவே கேட்பவர்களுக்கும் ஒரு விதி வந்தது. மாஸ்டரைக் கூப்பிடும் முன் துண்டு காய்ந்திருக்க வேண்டும். ஈரத் துணி எப்போதும் நிறம் கூடுதலாகத்தான் தெரியும். அதைப் பார்த்துத் திருத்தம் கேட்டால் அவர் சீறுவதில் நியாயம் இருக்கிறது. எந்த விளக்கில் பார்த்தாய், இதுவரை என்ன போட்டாய் என்ற இரண்டுக்கும் பதில் கையில் இருக்க வேண்டும். போனில் படம் எடுத்து அனுப்புவது தடை. கேமரா தானே நிறத்தைத் திருத்திக்கொள்ளும், அதை நம்பிச் செய்த திருத்தங்கள் முன்பு எங்களைக் கவிழ்த்திருக்கின்றன. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை சோதனைக் கூடக் கதவில் சிவப்புத் துணி தொங்கும். தொங்கும்போது இயந்திரம் நின்றுபோனால் ஒழிய யாரும் தட்டக்கூடாது. மாஸ்டரின் திட்டுகளில் பெரும்பகுதியைக் குறைத்தது இந்தத் துணிதான் என்று நினைக்கிறேன். அதில் பயிற்சி எதுவும் இல்லை, ஓர் ஆணியும் ஒரு துணியும்தான் செலவு.

சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிந்தபிறகு, கால் மணி நேரம் நாங்கள் இருவரும் அந்த வாரத்துத் திருத்தச் சீட்டுகளைப் புரட்டுவோம். “எப்படிப் போகிறது?” என்று நான் கேட்பதில்லை. கேட்டால் “நன்றாகப் போகிறது” என்பார். சீட்டுகளில் கிராம் எழுதாதது எது, நிமிடம் எழுதாதது எது என்று அவரே எடுத்து வைப்பார். முதல் வாரம் பாதிச் சீட்டுகளில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தது. ஐந்தாம் வாரம் இரண்டு.

ஆறாம் வாரம் சறுக்கியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து எங்களுக்குத் திரும்பி வரும் உப்புக் கரைசலில் கடினத்தன்மை கூடியிருந்தது. கால்சியம் இருந்தால் நிறம் மங்கும், சில சமயம் திட்டு விழும். மாஸ்டர் நேராக நீர்ப் பிரிவுக்குப் போய், அங்கிருந்த பெரியவரிடம், “உன் உப்பைக் கொண்டுபோய் ஊறுகாய் போடு” என்றார். பெரியவர் மாஸ்டரைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு வாரம் பரிசோதனை முடிவுகளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பவில்லை. நான் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமாதானம் பேசப் போய்க் காரியத்தைக் கெடுத்தேன். பெரியவர் முன்னால் மாஸ்டரிடம், “சொன்னோமே மாஸ்டர், மறந்துவிட்டீர்களா?” என்றேன். முகம் இறுகிவிட்டது. நாங்கள் இருவர் மட்டும் அறிந்த பயிற்சியை மூன்றாவது ஆள் முன்னால் போட்டு உடைத்தது நான். அதற்கு அன்று மாலையே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெரியவரிடம் மாஸ்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நாள் கரைசல் மாதிரியோடு போய், “அண்ணா, இன்றைக்கு இது 90 பிபிஎம் காட்டுகிறது. எனக்கு 30-க்குள் வேண்டும். அதற்குமேல் போனால் கலக்கும் முன் ஒரு சொல் சொல்லிவிடுங்கள், வெளிர் நிற லாட்டைத் தள்ளிப்போடுகிறேன்” என்றிருக்கிறார். பெரியவரே என்னிடம் வந்து இதைச் சொன்னார். உன் என்பது உங்கள் ஆனதைவிட, என்ன எண் வேண்டும், ஏன் வேண்டும் என்று மாஸ்டர் சொன்னதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. பதினைந்து வருடத்தில் யாரும் அந்தத் தண்ணீர் எந்தத் துணிக்குப் போகிறது என்று அவரிடம் சொன்னதில்லையாம்.

எல்லாம் இப்படி முடியவில்லை. சோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்த பெண், ஜவுளி வேதியியல் படித்தவர், ஒரு நாள் லேப் டிப் அட்டையைக் கொடுத்தபோது மாஸ்டர் அதை மேசையிலிருந்து தள்ளிவிட்டார். அட்டை தரையில் விழுந்தது. அந்தப் பெண் தேர்ந்தெடுத்த சாயக் கலவை பகல் விளக்கில் பொருந்தியது, கடை விளக்கில் சிவந்து போனது. தொழில்முறையில் மாஸ்டர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் பொருளைத் தட்டிவிடுவதை நான் பயிற்சிக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றே எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தேன். இந்த இரண்டையும் கலந்துவிட்டால், திறமை இருந்தால் எதுவும் செய்யலாம், பிறகு சனிக்கிழமை பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் மற்றவர்களுக்குத் தோன்றும். மாஸ்டர் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். வரமாட்டார் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் வந்து, அந்தப் பெண்ணை விளக்குப் பெட்டியின் முன் உட்காரவைத்து, டி65 என்ற பகல் விளக்கையும் டிஎல்84 என்ற கடை விளக்கையும் மாற்றி மாற்றிப் போட்டு அரை மணி நேரம் விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். ஆனாலும் அந்தப் பெண் அடுத்த மாதம் வேலையை விட்டார். போகும்போது என்னிடம், “கற்றுக்கொடுக்கிறார் சார். ஆனால் அட்டை விழுந்தது மறக்கவில்லை” என்றார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. நான் ஆரம்பித்திருக்க வேண்டியது ஒன்றரை வருடத்துக்கு முன்பு.

ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று மாதத்தில் இரவு ஷிஃப்டில் மறுசாயம் நான்கு. போன் அழைப்புகள் வாரத்துக்குப் பதினைந்தைத் தாண்டியிருந்தன. மாஸ்டரின் மனைவிக்கு அதில் வருத்தம் உண்டு. சில பையன்கள் தாங்களே கிராம் சொல்லி, “சரியா மாஸ்டர்?” என்று மட்டும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். 150 கிராம் போட்ட அதே பையன் இப்போது நடுத்தர நிறங்களுக்கு அவரைக் கூப்பிடுவதே இல்லை. இந்த முறை ஏன் கூப்பிடவில்லை என்று சீட்டுகளைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். முன்பு ஒருமுறை ஏமாந்தவன் அல்லவா.

மாஸ்டர் இன்னமும் காலையில் வணக்கம் சொல்வதில்லை. தேநீர் நேரத்தில் தனியாகத்தான் நிற்பார். அவரை மற்றவர்களோடு சிரித்துப் பேசவைக்க நான் முயலவில்லை. அது அவர் வேலையிலும் இல்லை, என் வேலையிலும் இல்லை.

போன வாரம் சனிக்கிழமை கால் மணி நேரச் சந்திப்புக்கு அவர் ஒரு பேட்ச் கார்டோடு வந்தார். திருத்தச் சீட்டு அல்ல, நான் எழுதிய கார்டு. வாங்குபவர் நெருக்கியதால் அதன் மேல் சிவப்பு மையில் ‘மிக அவசரம்’ என்று எழுதியிருந்தேன். அதை மேசையில் வைத்து, என் பக்கம் திருப்பி, விரலால் தட்டினார்.

“மிக அவசரம் என்றால் எத்தனை மணிக்கு சார்?”